அம்மாவின் மாத்திரைச் சீட்டு: அட்டை விலை வேறு, மாதச் செலவு வேறு

இந்தத் தடவை கும்பகோணத்துக்குப் போயிருந்தபோது அம்மாவின் மாத்திரைச் செலவை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அண்ணிதான் மாதாமாதம் வாங்குகிறார். "ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறையாம வருது தம்பி" என்று சொல்வார், நானும் லண்டனிலிருந்து பணத்தை அனுப்பிவிட்டு மறந்துவிடுவேன். எந்த மாத்திரை எவ்வளவு தின்கிறது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துப் பார்த்தால் கதையே வேறு.

முதலில் சீட்டு. அம்மாவுக்கு 68 வயது, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் உண்டு. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 காலையில் ஒன்று. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு 1 மி.கி.யும் மெட்ஃபார்மின் 500 எஸ்ஆரும் சேர்ந்த கூட்டு மாத்திரை காலையும் இரவும் ஒவ்வொன்று. கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 இரவில். வயிற்று அமிலத்துக்கு வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் 40. அப்புறம் "நரம்புக்கு" என்று ஒரு வைட்டமின் கேப்ஸ்யூல். டாக்டர் எழுதியது எல்லாமே பிராண்டு பெயர்கள்தான், மருந்தின் பெயர் சீட்டில் எங்கேயும் இல்லை. அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தில் படித்துத்தான் இந்தப் பட்டியலையே எடுத்தேன்.

இங்கே முதல் குழப்பம் அட்டையின் அளவு. டெல்மிசார்டன் அட்டையில் 30 மாத்திரை, விலை 225 ரூபாய். அண்ணியின் கணக்கில் அதுதான் "விலை கூடுன மாத்திரை". வைட்டமின் அட்டையில் 10தான், விலை 190. பார்வைக்கு இது மலிவு. ஆனால் டெல்மிசார்டன் ஒன்று ஏழரை ரூபாய், வைட்டமின் ஒன்று 19 ரூபாய். அட்டை விலையை அட்டையில் இருக்கும் எண்ணிக்கையால் வகுத்து, அதை மாதத்துக்கு வேண்டிய எண்ணிக்கையால் பெருக்கினால்தான் நிஜ விலை தெரியும். கூட்டு மாத்திரை 15 கொண்ட அட்டை 114 ரூபாய், ஒன்று 7.60; ஒரு நாளைக்கு இரண்டு என்பதால் மாதத்துக்கு 60, ஆக 456 ரூபாய். அட்டோர்வாஸ்டாட்டின் 15க்கு 84, மாதம் 168. பான்டோபிரசோல் 15க்கு 165, மாதம் 330. வைட்டமின் மூன்று அட்டை, 570. எல்லாம் சேர்த்து 1,749 ரூபாய். கடைக்காரர் தரும் பத்து சதவீதத் தள்ளுபடி போக 1,574.

அதாவது பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தாலும், எதையும்விட அதிகம் தின்பது அந்த வைட்டமின் கேப்ஸ்யூல்! அட்டையின் பின்பக்கம் பார்த்தேன். மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருந்தது. மசாலாப் பொட்டலத்தில் இருக்குமே, அதே உணவுப் பாதுகாப்பு எண். அப்படியென்றால் இது சட்டப்படி மருந்தே இல்லை, ஊட்டச்சத்துப் பொருள். டெல்மிசார்டன், அட்டோர்வாஸ்டாட்டின் போன்றவை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அரசு ஒரு உச்ச விலை வைத்திருக்கிறது, எவ்வளவு பெரிய பிராண்டானாலும் அதைத் தாண்ட முடியாது. ஊட்டச்சத்துக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது, அட்டையில் எவ்வளவு வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்.

சரி, ஜெனரிக்குக்கு, அதாவது பெரிய பிராண்டுப் பெயர் இல்லாத அதே மருந்துக்கு, மாறினால் எவ்வளவு என்று பார்க்கக் கிளம்பினேன். எங்கள் வழக்கமான மெடிக்கலில் கேட்டபோது, சீட்டில் இருப்பதைத்தான் தர முடியும் என்றார் கடைக்காரர். எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது சரிதான். டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற ஷெட்யூல் எச் மருந்துகளில் சீட்டில் எழுதியதற்குப் பதிலாக, அதே மருந்தே ஆனாலும், வேறொரு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது என்பது இங்கே விதி. இங்கிலாந்தில் பெரும்பாலும் டாக்டரே மருந்தின் பெயரைத்தான் எழுதுகிறார், மருந்தகம் எந்தக் கம்பெனி சரக்கையும் தரலாம், நமக்கு அந்த யோசனையே வருவதில்லை. ஊரில் அந்தக் கேள்வியை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

அதற்கு முன் இன்னொரு கடையைச் சொல்லியாக வேண்டும். பேருந்து நிலையம் பக்கம் "ஜெனரிக் மருந்துகள், 80% வரை தள்ளுபடி" என்று பெரிய போர்டு. உள்ளே இருந்த பையன் பான்டோபிரசோல் அட்டை ஒன்றை எடுத்துப் போட்டான். 10 மாத்திரை, எம்ஆர்பி 110 என்று அச்சாகியிருந்தது. "உங்களுக்கு நாப்பதுக்குத் தரேண்ணே." அறுபது சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ரக சரக்குக்கு மருந்துக்கடைக்காரர்களே வாடிக்கையாளர்கள். கம்பெனி டாக்டரைப் பார்க்க ரெப் அனுப்புவதில்லை, அதற்குப் பதிலாகக் கடைக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்து, அட்டையில் பிராண்டுக்கு இணையான எம்ஆர்பியை அடித்து அனுப்புகிறது. கடைக்காரர் மனம் வைத்தால் நாற்பது, வைக்காவிட்டால் 110. ஆகவே தள்ளுபடி சதவீதத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, மாத்திரை ஒன்றுக்குக் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதை மட்டும் பாருங்கள். இங்கே நான்கு ரூபாய். வழக்கமான பிராண்டில் பதினொன்று. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் அதே 40 மி.கி. ஒன்றரை ரூபாய்.

மக்கள் மருந்தகம் என்பது ஜன் ஔஷதி கடை. இதைத் தவிர, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு ஆரம்பித்த முதல்வர் மருந்தகமும் பல ஊர்களில் இருக்கிறது. நான் விலை பார்த்தது மக்கள் மருந்தகத்தில். அங்கே அட்டையில் அச்சான விலைதான் விற்கும் விலை, பேரம் இல்லை.

டாக்டரிடம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கோபப்படுவாரோ என்று அண்ணிக்குப் பயம். அவர் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார், புதுச் சீட்டில் மருந்துப் பெயர்களை எழுதினார், "எஸ்ஆர்" என்பதை மட்டும் இரண்டு தடவை அடிக்கோடிட்டார். மெட்ஃபார்மினில் சாதா மாத்திரையும் உண்டு, மெல்லக் கரையும் எஸ்ஆரும் உண்டு. மலிவாக இருக்கிறதே என்று சாதாவை வாங்கி வந்துவிட்டு வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்கள் நிறையப் பேராம். வைட்டமினைப் பற்றிக் கேட்டேன். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையக்கூடும், அதற்காக எழுதியது என்றார். அப்படியானால் பி12 அளவைப் பார்த்துவிட்டுத் தொடரலாமா என்றதும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அளவு நன்றாகவே இருந்தது, கேப்ஸ்யூலை நிறுத்தச் சொல்லிவிட்டார். குறைவாக இருந்திருந்தால் வெறும் பி12 மாத்திரையே போதுமாம், இருபது சமாச்சாரம் சேர்ந்த கேப்ஸ்யூல் தேவையில்லை.

மக்கள் மருந்தகத்தில் வாங்கிய கணக்கு இதோ. எல்லாம் பத்து பத்தாக அட்டை. டெல்மிசார்டன் 12 ரூபாய், மூன்று அட்டை 36. அட்டோர்வாஸ்டாட்டின் 7 ரூபாய், மாதம் 21. பான்டோபிரசோல் 15 ரூபாய், மாதம் 45. கூட்டு மாத்திரை அன்றைக்கு ஸ்டாக் இல்லை, டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு இரண்டையும் தனித்தனியாக வாங்கினோம்: கிளிமிபிரைடு அட்டை 5, மெட்ஃபார்மின் எஸ்ஆர் அட்டை 7, ஆறாறு அட்டை சேர்த்து 72. மொத்தம் 174 ரூபாய். சீட்டிலிருந்த இதே நான்கு மாத்திரைக்கும் பிராண்டில் தள்ளுபடி போக 1,061 கொடுத்துக்கொண்டிருந்தோம். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், உங்கள் ஊரில் ஒன்றிரண்டு ரூபாய் முன்னே பின்னே இருக்கலாம்.

இதில் சங்கடம் இல்லாமல் இல்லை. பெரிய பயம் பழைய அட்டைகள்தான். வீட்டில் பாதி தீர்ந்த கூட்டு மாத்திரை கிடந்தது, பெயரும் நிறமும் வேறு. அம்மா அதையும் போட்டுக்கொண்டு புது கிளிமிபிரைடையும் போட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும், வியர்த்து மயக்கம் வரும், வயதானவர்களுக்கு அது ஆபத்து. அண்ணி பழையதை எல்லாம் பொறுக்கி எடுத்துத் தன் பீரோவில் வைத்துக்கொண்டார். இன்னொன்று, அம்மாவிடம் ஏழு நாள் டப்பா ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவைப்பார். டெல்மிசார்டன் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால்தான் இரண்டு பக்கமும் அலுமினியம் வைத்த அட்டையில் வருகிறது. உரித்து வைத்தால் ஐப்பசி மழையில் இரண்டே நாளில் பிசுபிசுத்துப் போகும். அந்த ஒன்றை மட்டும் அட்டையிலிருந்து வெட்டி, உரிக்காமல் டப்பாவில் போடச் சொன்னோம்.

தரம் பற்றி மாமா ஒருவர் அலுத்துக்கொண்டார், "பன்னண்டு ரூவா மாத்திரை வேலை செய்யுமா?" தரமற்றவை என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் பட்டியலில் மலிவு சரக்கும் வருகிறது, பெரிய பிராண்டும் வருகிறது. விலையைப் பார்த்துத் தரத்தைச் சொல்ல முடியாது, பில்லில் பேட்ச் எண் போட்டு வாங்கி வைத்தால் பிறகு சரிபார்க்கலாம். அதைவிட நேரடியான சோதனை வீட்டிலேயே உண்டு. மாற்றுவதற்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரங்களிலும் காலையில் ஒரே நேரத்தில் பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை இரண்டையும் அண்ணி காலண்டரில் குறித்தார். 130க்கு அக்கம்பக்கமாக இருந்த பிரஷர் அங்கேயே நின்றது, சர்க்கரையும் பெரிதாக ஆடவில்லை. மூன்று மாதம் கழித்து, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

ஸ்டாக் பிரச்சினை நிஜமானது. ஒரு மாதம் இருக்கும் மருந்து அடுத்த மாதம் இருக்காது. அதனால் மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அண்ணி போன் செய்து கேட்டுவிட்டுத்தான் போகிறார். ஒரு மருந்து இல்லையென்றால் அந்த ஒன்றை மட்டும் பழைய மெடிக்கலில் பிராண்டாக வாங்கிக்கொள்கிறார், அதற்காக டாக்டரிடமிருந்து பழைய சீட்டையும் கையெழுத்தோடு வாங்கி வைத்திருக்கிறோம்.

அப்பாவின் தைராய்டு மாத்திரையை மட்டும் தொடவில்லை. தைராக்ஸின் மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்யும் மருந்து. வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாதிரி இதிலும் சின்ன வித்தியாசம்கூட உடம்பில் தெரியும். ஒரு கம்பெனியில் அளவு சரியாக நின்றுவிட்டால் அதிலேயே இருப்பது நல்லது, மாற்றினால் ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மாதம் ஐம்பது அறுபது ரூபாய் சமாச்சாரம், மிச்சம் பிடிப்பதை ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அது பழைய கடையில் பழைய பிராண்டிலேயே ஓடுகிறது.