ஒரே சம்பள ஏற்றம், மூன்று கடிதங்கள்: எதை ஊழியரின் கையில் கொடுப்பது?

இலங்கையின் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தியது. வித்தியாசம் 15,750 ரூபா. ஆனால் அதுவரை தனியாக வழங்கப்பட்டுவந்த இடைக்காலக் கொடுப்பனவுகளும் அந்த 40,000க்குள் சேர்ந்துவிட்டன. ஆகவே உண்மையில் கூடியது 8,250 ரூபா. அதுவும் ஒரே தடவையில் வரவில்லை. அதில் 5,000 ரூபாவும் மீதியின் 30 வீதமும் 2025 ஏப்ரலில் தொடங்கின. எஞ்சிய பகுதி 2026 ஜனவரி, 2027 ஜனவரி என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கணக்குப் போட்டால் ஏப்ரலில் கூடியது 5,975 ரூபா. 15,750, 8,250, 5,975 ஆகிய மூன்று எண்களும் சரியானவை. எது எதைக் குறிக்கிறது என்று தெரியாதவருக்கு மூன்றும் ஒன்றையொன்று பொய்யாக்குவதுபோலத் தோன்றும்.

தனியார் நிறுவனங்களில் இதே சிக்கல் சிறிய அளவில் ஆண்டுதோறும் வருகிறது. அரச ஊழியருக்குச் சுற்றறிக்கையாவது இருக்கிறது, விளக்கம் கேட்கச் சங்கமும் இருக்கிறது. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஒரு நெல் ஆலையின் அலுவலகத்தில் வேலை செய்யும் எழுதுவினைஞருக்குக் கிடைப்பது ஒரு பக்கக் கடிதம் மட்டுமே. அந்தக் கடிதத்தை நம்பித்தான் அவர் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குக் கையெழுத்திடுகிறார். அதனால் அதை எப்படி எழுதுவது என்பதை மேலோட்டமாக விட்டுவிட எனக்கு மனமில்லை.

மூன்று வகைக் கடிதங்களை ஒப்பிடுவதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எழுதுவினைஞரின் அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா, பயணக் கொடுப்பனவு 6,000, மொத்தம் 46,000. நிர்வாகம் இரண்டு முடிவுகளை எடுக்கிறது. முதலாவது, 4,000 ரூபா சம்பள ஏற்றம். இரண்டாவது, பயணக் கொடுப்பனவில் 3,000 ரூபாவைக் குறைத்து அதே தொகையை அடிப்படைச் சம்பளத்தில் சேர்ப்பது. முடிவில் அடிப்படைச் சம்பளம் 47,000, பயணக் கொடுப்பனவு 3,000, மொத்தம் 50,000. பயணக் கொடுப்பனவு இங்கே எரிபொருள் செலவை ஈடுசெய்யும் தொகை என்பதால் அதற்கு ஊழியர் சேமலாப நிதி கழிக்கப்படுவதில்லை என்று கொள்வோம். கடிதம் மார்ச் மாத நடுப்பகுதியில் வருகிறது. ஏற்றம் ஜனவரி 1இலிருந்து.

முதலாவது வகை ஒற்றை வரிக் கடிதம். “உங்கள் அடிப்படைச் சம்பளம் ஜனவரி 1 முதல் 17.5 வீதத்தால் உயர்த்தப்பட்டு 47,000 ரூபாவாக்கப்பட்டுள்ளது.” படிக்க இதமாக இருக்கும், பொய்யும் இல்லை. ஆனால் வாசித்தவர் மனத்தில் 7,000 ரூபாவைக் கூட்டிவிடுவார். அவருக்குக் கூடியது 4,000 மட்டும். மொத்தச் சம்பளத்தோடு பார்த்தால் 8.7 வீதம். மீதி 3,000 ஏற்கெனவே அவருடைய பணம். எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்பட்டது என்று சொல்லாத வீதத்தைச் சம்பளக் கடிதத்தில் எழுதவே கூடாது. மூன்று வகைகளில் அதிகக் கோபத்தை உண்டாக்குவது இதுதான். சம்பள நாளன்று உண்மை தெரியவரும்போது, கிடைத்த 4,000 ரூபாவும் ஏமாற்றமாகத் தெரிகிறது.

இரண்டாவது வகை புதிய பட்டியல் மட்டும் உள்ள கடிதம். அடிப்படை 47,000, பயணம் 3,000, மொத்தம் 50,000. மேலே “ஜனவரி 1 முதல்” என்ற ஒரு வரி. தலைமை அலுவலகங்களின் கணினியில் தயாராகும் கடிதங்கள் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகின்றன. முதலாவதைவிட இது நேர்மையானது, ஏனெனில் மொத்தம் இருக்கிறது. ஆனால் பழைய சம்பளச் சீட்டைத் தேடியெடுத்துப் பக்கத்தில் வைக்கும் வேலை ஊழியரின் தலையில் விழுகிறது. அப்படி வைத்துப் பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுவது பயணக் கொடுப்பனவு பாதியாகியிருப்பது. தர்மபுரத்திலிருந்தோ மல்லாவியிலிருந்தோ தினமும் வந்துபோகிறவர் இதைத் தண்டனை என்றே எடுத்துக்கொள்வார். ஏன் குறைந்தது, அந்தப் பணம் எங்கே போனது என்பதற்குப் பட்டியலில் பதில் இல்லை.

மூன்றாவது வகை பழையது, மாற்றம், புதியது என்று பக்கம் பக்கமாகக் காட்டுவது. இதிலும் “மாற்றம்” என்று ஒரே நிரல் வைத்தால் அடிப்படைக்கு நேரே 7,000 என்று வந்து பழைய குழப்பம் திரும்பிவிடும். புதிதாக வரும் பணத்துக்கு ஒரு நிரல், இடம் மாறும் பணத்துக்கு இன்னொரு நிரல் வேண்டும்.

| | பழையது | ஏற்றம் | இடமாற்றம் | புதியது |
|---|---|---|---|---|
| அடிப்படைச் சம்பளம் | 40,000 | +4,000 | +3,000 | 47,000 |
| பயணக் கொடுப்பனவு | 6,000 | 0 | −3,000 | 3,000 |
| மொத்தம் | 46,000 | +4,000 | 0 | 50,000 |
| சேமலாப நிதிக் கழிப்பு (8 வீதம்) | 3,200 | +320 | +240 | 3,760 |
| கைக்கு வருவது | 42,800 | +3,680 | −240 | 46,240 |

இடமாற்ற நிரலின் கடைசி எண்ணைப் பாருங்கள். மொத்தத்தில் எதுவும் மாறவில்லை, ஆனால் கைக்கு வருவது 240 ரூபாவால் குறைகிறது. நிர்வாகங்கள் மறைக்க விரும்புவது இந்த எண்ணைத்தான். நானோ அதைக் கட்டாயம் காட்டச் சொல்வேன். காட்டினால்தான் அதன் மறுபக்கத்தையும் சொல்ல முடியும். அடிப்படையில் சேர்ந்த 3,000 ரூபாவுக்குத் தொழில்தருநர் 12 வீதப்படி 360 ரூபா சேர்க்க வேண்டும். ஆகவே ஊழியரின் சேமலாப நிதிக் கணக்கில் மாதம் 600 ரூபா கூடுகிறது. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் தரும் 3 வீதமும் இதனுடன் உயர்கிறது. பணிக்கொடைக்குத் தகுதி உள்ளவருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் இந்த 3,000 ரூபா ஆண்டுக்கு 1,500 ரூபாவைக் கூட்டும். எரிபொருள் கொடுப்பனவாக இருந்தவரை இதில் எதுவும் கிடைத்திருக்காது. இந்த நன்மையை அட்டவணைக்குக் கீழே இரண்டு வரியில் எழுதினால் போதும். ஆனால் அதைச் சம்பள ஏற்றத்தோடு கூட்டிப் பெரிய எண்ணாகக் காட்டக் கூடாது; இன்று கடைக்குக் கொண்டுபோக முடியாத பணம் அது.

இனித் திகதி. மூன்றாவது வகைக் கடிதமும் சறுக்கும் இடம் இதுதான்.

மேலே “ஜனவரி 1 முதல்” என்று ஒரே திகதியைப் போட்டால் இரண்டு முடிவுகளும் ஜனவரிக்கே முன்திகதியிடப்படுகின்றன. சம்பளம் தயாரிப்பவர் என்ன செய்வார்? இரண்டு மாத அடிப்படை நிலுவையாக 14,000 ரூபாவை எழுதுவார். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் கூடுதலாகக் கொடுத்த பயணக் கொடுப்பனவு என்று 6,000 ரூபாவைக் கழிப்பார். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் ஊழியர் அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே பெற்றோல் அடித்து வேலைக்கு வந்துவிட்டார். சம்பள ஏற்றம் கிடைத்த அதே மாதச் சீட்டில் 6,000 ரூபா கழிவு நிற்பதை எந்த விளக்கத்தாலும் சரிசெய்ய முடியாது. கூட்டலை முன்திகதியிட்டுக் கொடுக்கலாம், குறைத்தலைக் கடிதம் கையில் கிடைத்த பிறகு வரும் மாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு.

ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதனதன் திகதி வேண்டும். ஏற்றம் ஜனவரி 1 முதல், இடமாற்றம் ஏப்ரல் 1 முதல். அப்போது அடிப்படைச் சம்பளம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை 44,000, ஏப்ரலிலிருந்து 47,000. கைக்கு வருவது முதல் மூன்று மாதங்களுக்கு 46,480, பிறகு 46,240. நிரலின் தலைப்பிலேயே “ஏற்றம் – ஜனவரி 1”, “இடமாற்றம் – ஏப்ரல் 1” என்று எழுதிவிட்டால் தனியாகத் தேட வேண்டியதில்லை.

அமுலுக்கு வரும் திகதி வேறு, பணம் கைக்கு வரும் மாதம் வேறு. ஜனவரி, பெப்ரவரி நிலுவை மார்ச் சம்பளத்தோடு சேரும்: மாதம் 3,680 ரூபாப்படி இரண்டு மாதத்துக்கு 7,360 ரூபா. வன்னியில் இங்கே இன்னொன்று மறக்கப்படுகிறது. காலபோக அறுவடை தொடங்கினால் ஆலைகளில் மேலதிக நேர வேலை கூடிவிடும். மேலதிக நேரக் கொடுப்பனவு அடிப்படைச் சம்பளத்தோடு கட்டுப்பட்டது. அடிப்படை முன்திகதியோடு உயர்ந்தால் அதுவும் உயர வேண்டும். மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்து ஒன்றரை மடங்கு கொடுக்கும் அலுவலகத்தில், 40,000 ரூபாவுக்கு மணித்தியாலம் 250 ரூபா. 44,000 ரூபாவுக்கு 275. பெப்ரவரியில் 40 மணித்தியாலம் மேலதிகமாக வேலை செய்தவருக்கு இன்னும் 1,000 ரூபா வர வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவுக்குச் சேமலாப நிதிக் கழிப்பு இல்லாததால் அது முழுவதும் கைக்கு வரும். நிலுவை 8,360 ரூபா ஆகிறது.

மார்ச்சில் கைக்கு வருவது, அந்த மாத மேலதிக நேரத்தை விட்டுவிட்டால், 54,840 ரூபா. ஏப்ரலில் 46,240. இந்த இறக்கத்தை முன்கூட்டியே எழுதாவிட்டால் ஏப்ரல் சம்பளத்தன்று கணக்காளரின் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். ஒரு பந்தி போதும்: “மார்ச் சம்பளத்தில் 8,360 ரூபா நிலுவை சேர்ந்திருக்கிறது; இது ஒரு தடவை மட்டும் வழங்கப்படுவது. ஏப்ரலிலிருந்து மாதந்தோறும் உங்கள் கைக்கு வருவது 46,240 ரூபா.” கடன், சீட்டு, பிள்ளையின் வகுப்புக் கட்டணம் எல்லாவற்றையும் திட்டமிட ஊழியருக்குத் தேவையான எண் இந்தக் கடைசி எண்தான். அதைத் தடித்த எழுத்தில் அச்சிடலாம்.

மூன்றாவது வகைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. நாளாந்தச் சம்பளத்துக்கு மூட்டை ஏற்றுபவருக்கும் உற்பத்திக்கேற்பப் பணம் பெறுபவருக்கும் மாத மொத்தம் நிலையானதல்ல. “கைக்கு வருவது” என்ற வரியை அவர்களுக்கு உறுதியாக எழுத முடியாது. அவர்களுக்குப் பழைய நாட்சம்பளம், புதிய நாட்சம்பளம், எந்த நாளில் செய்த வேலையிலிருந்து புதியது கணக்கிடப்படும் என்ற மூன்றும் போதும். முப்பது ஊழியருக்கு ஐந்து நிரல் அட்டவணை தயாரிக்க நேரமில்லை என்று சொல்லும் சிறு அலுவலகத்துக்கு இரண்டாவது வகையையே கொடுக்கச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: பட்டியலுக்குக் கீழே “4,000 ரூபா புதிய ஏற்றம், ஜனவரி 1 முதல், 3,000 ரூபா பயணக் கொடுப்பனவிலிருந்து மாற்றப்பட்டது, ஏப்ரல் 1 முதல்” என்ற வாக்கியம் இருக்க வேண்டும். ஒற்றை வரிக் கடிதத்துக்கு எந்த அலுவலகத்திலும் இடமில்லை.

கடிதத்தின் கடைசி வரியாக அடுத்த வருடாந்த ஏற்றத்தின் திகதியையும் எழுதுங்கள். ஏப்ரலில் அடிப்படை மாறுவதைப் பார்த்து அடுத்த ஏற்றமும் ஏப்ரலுக்குத் தள்ளிப்போய்விட்டதா என்ற கேள்வி நிச்சயம் எழும். ஜனவரி 1 மாறவில்லை என்றால் அதை அங்கேயே சொல்லிவிட வேண்டும்.