34சி பிரா, ஒரு வருஷத்துக்கு மேல போட்டுப் பாத்தாச்சு

எங்க மதினி நேத்து போன்ல புலம்புனாங்க, அதான் எழுதுறேன். அவங்க எப்பவும் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில 36பி எடுப்பாங்க. கப்பு சரியா இருக்கும், ஆனா முதுகுப்பட்டை மேல ஏறிக்கிட்டே இருக்கும், ஸ்ட்ராப்பு தோள்ல நிக்காது. பட்டை லூசுன்னா 34பி எடுங்கன்னு கடையில குடுத்துவிட்டுட்டாங்க. இப்ப பட்டை கச்சிதம், கப்புல பிதுங்குது. "குண்டாயிட்டேனாடி"ன்னு கேக்குறாங்க.

குண்டெல்லாம் இல்ல மதினி. பிங்கிற எழுத்துக்குத் தனியா ஒரு அளவே கிடையாது. மார்பு சுத்தளவுல பட்டை நம்பரைக் கழிச்சா வர்ற இஞ்சு தான் அது, 1னா ஏ, 2னா பி, 3னா சி. 34ல பின்னா மார்பு 36, 36ல பின்னா 38. அப்ப ரெண்டு பியும் எப்படி ஒரே கப்பா இருக்கும்? பட்டைய ஒரு சைஸ் குறைச்சா கப்பும் கூடவே ஒரு சைஸ் சின்னதாயிரும். பழைய கப்பு அளவே வேணும்னா எழுத்தை ஒண்ணு ஏத்தணும், 36பி கப்பும் 34சி கப்பும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். மதினிக்கு மார்புக்குக் கீழ டேப்ப இழுத்துப் பிடிச்சா 33, அதை 34னு வச்சுக்கலாம். மார்பு 37. கழிச்சா 3, அப்ப 34சி. இம்புட்டுத் தான் கணக்கு.

நான் போடுறதும் அதே 34சி தான், காட்டன், பக்கவாட்டுல அகலப் பட்டை. வாங்கும்போது கடைசி ஊக்குல, அதாவது லூசான ஊக்குல மாட்டுனேன். எலாஸ்டிக் தளரத் தளர உள்ள தள்ளி மாட்டணும், அதுக்குத் தான் மூணு வரிசை வச்சிருக்கான். இப்ப உள் வரிசைக்கு வந்துட்டேன், இன்னமும் பட்டை முன்னாடி பின்னாடி ஒரே மட்டத்துல நிக்குது. தாங்குறது பட்டை தான், ஸ்ட்ராப்பு சும்மா துணைக்கு. சித்திரை வெயில்ல மாசி வீதி ஃபுல்லா சுத்திட்டு வந்தாலும் தோள்ல தடம் இல்லைங்கிறது எனக்கே ஆச்சரியம்.

கடுப்பு எங்கன்னா, போற கடையில எல்லாம் சி கேட்டா "பி தான் ஓடும்க்கா, 36 போடுங்க"ங்கிறாங்க. கப்பு பொருந்தும்னு தெரிஞ்சு தான் சொல்றாங்க போல, ஆனா பட்டை யாரு முதுகுல ஏறும்? ஸ்ட்ராப்பும் பெரிய பட்டையில தள்ளித் தள்ளி தச்சிருக்கும், நழுவத் தான் செய்யும். அவசரத்துக்கு ஒரு சைஸ் மாத்தலாம், 38ஏ வரைக்கும் போனா வேலைக்கு ஆகாது. கம்பெனிக்குக் கம்பெனி வெட்டு மாறும், போட்டுப் பாக்காம எடுக்காதீங்க.

எனக்குக் கிடைச்சதும் தோல் கலர் ஒண்ணு தான், துவைச்சுத் துவைச்சு சாம்பலாயிருச்சு. அருமையான பிரா. ஆனா இதை வாங்குன கடைக்கு மறுபடி போற பொறுமை எனக்கு இல்ல, மதினி போனா எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வரட்டும்.