எக்செல் சான்றிதழும் எழுத்தர் வேலைக்கான செய்முறைத் தேர்வும்: ஐந்து ஆண்டு அனுபவம்

மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் ஸ்பெஷலிஸ்ட் என்ற சான்றிதழின் எக்செல் அசோசியேட் நிலைத் தேர்வை, எம்ஓ-200 என்று குறிப்பிடப்படுவதை, நான் 2020-இல் எழுதித் தேறினேன். அதன் பிறகு எழுத்தர் பணிக்கான செய்முறைத் தேர்வுகளில் கலந்துகொண்டேன். வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆனதும், அத்தகைய தேர்வுக்கு வினாக்கோப்பு தயாரித்து விடைகளைத் திருத்தும் பொறுப்பும் என்னிடம் வந்தது. மேசையின் இரு பக்கங்களிலும் இருந்து பார்த்த பிறகு, சான்றிதழ் எதைச் சோதிக்கிறது, வேலை கொடுப்பவர் எதைச் சோதிக்கிறார் என்பதை ஓர் உண்மையான கணக்கைக் கொண்டு விளக்க வேண்டும் என்று தோன்றியது.

சான்றிதழ்த் தேர்வு 50 நிமிடம் நடக்கும். 1000-க்கு 700 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. கொள்குறி வினாக்களை நம்பாமல், எக்செல் திரையிலேயே வேலையைச் செய்துகாட்டச் சொல்வது அதன் பெரிய பலம். ஆனால் ஒவ்வொரு பணியும் எதைச் செய்ய வேண்டும் என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடும்: இந்த நெடுவரிசையில் சராசரி காண்க, இந்த அட்டவணைக்கு இந்தப் பாணியைக் கொடு, தலைப்பு வரிசை எல்லாப் பக்கத்திலும் அச்சாகும்படி செய். கொடுக்கப்படும் தரவும் சுத்தமாகவே இருக்கும். அலுவலகத்தில் தரவு அப்படி வருவதில்லை. எந்தக் கருவியை எடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அசோசியேட் நிலையில் கேட்கப்படுபவை SUM, AVERAGE, COUNT, IF, LEFT, LEN போன்ற அடிப்படைச் செயல்பாடுகள். நான் சந்தித்த செய்முறைத் தேர்வுகளில் தவறாமல் வந்த, வேறொரு பட்டியலில் தேடி விடை எடுக்கும் VLOOKUP, நிபந்தனைக்கு ஏற்பக் கூட்டும் SUMIFS, தரவைச் சுருக்கித் தொகுக்கும் பிவட் அட்டவணை ஆகியவை எக்ஸ்பர்ட் நிலையான எம்ஓ-201-இல்தான் வருகின்றன. எழுத்தர் வேலைக்குத்தானே, அடிப்படை நிலை போதும் என்று நினைத்துத்தான் நானும் முதல் நிலையோடு நிறுத்திக்கொண்டேன். அந்தக் கணிப்பு தவறு என்பது முதல் செய்முறைத் தேர்விலேயே தெரிந்துவிட்டது.

அந்தத் தேர்வின் அமைப்பையே பின்னர் நான் தயாரித்த வினாக்கோப்புக்கும் அடிப்படையாக வைத்துக்கொண்டேன். இரண்டு தாள்கள் இருக்கும். Bills என்ற தாளில் 4001 முதல் 4412 வரையான 412 பில்கள், பெயர், தொகை ஆகியவற்றோடு இருக்கும். Receipts என்ற தாளில் 398 ரசீதுகள், தேதி, பில் எண், தொகை என்ற வரிசையில் இருக்கும். யார் யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியலை 40 நிமிடத்தில் எடுத்து, ஒரே பக்க அகலத்தில் அச்சாகும்படி கொடுக்க வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

பெரும்பாலானவர்கள் VLOOKUP எழுதுவார்கள்; தேடியது கிடைக்கவில்லை என்று பொருள்படும் #N/A 412 வரிசையிலும் வரும். என் முதல் தேர்வில் எனக்கும் அதுதான் நடந்தது. ஃபார்முலாவில்தான் பிழை என்று எண்ணி அதையே பதினைந்து நிமிடம் மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில் IFERROR போட்டு அந்த இடங்களில் சுழியம் காட்டச் செய்தேன். அதன் விளைவாக, பணம் கட்டியவர்கள் எல்லோரும் கட்டாதவர்களாகப் பட்டியலில் வந்தார்கள். பிழைச் செய்தியை மறைப்பதற்கும் பிழையைத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று உணர்ந்தேன்.

உண்மையில் பிழை தரவில் இருந்தது. முதல் தாளில் பில் எண் 004371 என்று உரையாக இருக்கிறது. இரண்டாம் தாளில் 4371 என்று எண்ணாக இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றுதான், VLOOKUP-க்கு இரண்டும் வேறு. செல்லின் இடது மேல் மூலையில் சிறு பச்சை முக்கோணம் தெரிவதும், எண் இடப்பக்கம் ஒட்டி நிற்பதும் இதற்கான அடையாளங்கள். இதைவிட நம்பகமான சோதனை, செல்லில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணும் LEN: ஆறு இலக்கம் தெரியும் செல்லுக்கு 7 என்று விடை வந்தால், பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த தரவில் அது பெரும்பாலும் சாதாரண இடைவெளியாக இருக்காது; 160 என்ற குறியீட்டெண் கொண்ட, உடையாத இடைவெளியாக இருக்கும். மிகை இடைவெளிகளை நீக்கும் TRIM அதைத் தொடாது. ஆகையால் Bills தாளின் D நெடுவரிசையில் துணை எண் ஒன்றை இப்படி உருவாக்கிக்கொள்ள வேண்டும்:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," ")))
```

எண்கள் சீரானதும் VLOOKUP விடை தரத் தொடங்கும். ஆனால் இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. நான்காவது இடத்தில் FALSE என்று கொடுக்காமல் விட்டுவிட்டால், பட்டியல் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருப்பதாக எடுத்துக்கொண்டு அது தோராயமாகத் தேடும். ரசீதுகள் தேதி வரிசையில் இருப்பதால், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் வேறொருவர் கட்டிய தொகை இவர் பெயருக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடும். #N/A குறைந்தது நம்மை நிறுத்திப் பார்க்க வைக்கிறது. இந்தத் தவறு அப்படியே அச்சாகிப் போய்விடும்.

FALSE கொடுத்தாலும் சிக்கல் தீராது. 9 பில்களுக்கு இரண்டு தவணையாகப் பணம் வந்திருக்கிறது. VLOOKUP முதலில் காணும் ரசீதை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அவர்களில் 6 பேர் முழுத் தொகையும் கட்டியவர்கள், 3 பேருக்குத்தான் இன்னும் பாக்கி இருக்கிறது. பணமே வராத பில்கள் 25. ஆகவே சரியான பட்டியலில் 28 பெயர்கள் இருக்க வேண்டும். VLOOKUP-ஐ நம்பியவர்கள் 34 பெயர்களைக் கொடுப்பார்கள். முழுப் பணமும் கட்டிய ஆறு பேருக்கு நினைவூட்டுக் கடிதம் போகும் என்பதுதான் அந்த வேறுபாட்டின் நடைமுறைப் பொருள். இந்த இடத்துக்குப் பொருத்தமானது, ஒரே பில் எண்ணுக்கு வந்த எல்லாத் தொகையையும் கூட்டித் தரும் SUMIF:

```
=SUMIF(Receipts!$B$2:$B$399,D2,Receipts!$C$2:$C$399)
```

இதை E நெடுவரிசையில் இறக்கி, பில் தொகையிலிருந்து கழித்தால் பாக்கி வந்துவிடும். தேர்வு எழுதுபவர்களில் நன்றாகச் செய்பவர்கள் இதுவரை வந்து கோப்பைச் சேமித்துவிடுகிறார்கள். நான் முதன்முதலில் தேறிய தேர்வில், மேற்பார்வையாளர் என் திரையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மொத்தம் ஒத்துப்போகிறதா, பார்த்தீர்களா?" அதற்குள் நான் பார்த்திருந்தேன். வேலை கிடைத்ததற்கு அதுவே காரணம் என்று அவரே பிறகு சொன்னார்.

எங்கள் வினாக்கோப்பில் ரசீதுத் தாளின் மொத்தம் 7,84,250. E நெடுவரிசையின் மொத்தம் 7,79,050. இடையில் 5,200 காணாமல் போயிருக்கிறது. ரசீதுத் தாளில் ஒவ்வொரு பில் எண்ணும் முதல் தாளில் இருக்கிறதா என்று COUNTIF கொண்டு எண்ணி, சுழியம் வரும் வரிசைகளை மட்டும் வடிகட்டினால் இரண்டு ரசீதுகள் நிற்கும். ஒன்று 2,200, பில் எண் 3986. அது முந்தைய ஆண்டின் பில். மற்றொன்று 3,000, பில் எண் 4731. அப்படி ஒரு பில்லே இல்லை. ஆனால் 4371 என்ற பில்லின் தொகையும் 3,000, அது பணம் வராத 25-இல் ஒன்றாக நிற்கிறது. இலக்கங்கள் இடம் மாறித் தட்டச்சாகியிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

இந்த இடத்தில் எண்ணைத் தாமாகவே திருத்திவிடுபவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பதில்லை. 4371-ஐப் பட்டியலில் வைத்துக்கொண்டு, 4731 என்ற எண்ணில் வந்த 3,000 இவருடையதாக இருக்கலாம், மூல ரசீதைப் பார்த்து உறுதிசெய்யவும் என்று பக்கத்தில் குறிப்பு எழுதுபவரைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். கணக்குப் பதிவை ஊகத்தின் பேரில் மாற்றும் அதிகாரம் எழுத்தருக்குக் கிடையாது. தான் கண்டதை எழுதிவைக்கும் கடமை உண்டு.

மொத்தம் ஒத்துப்போவதாலேயே எல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. அந்த எண் 4731 என்பதற்குப் பதிலாக 4317 என்று மாறியிருந்தால், அது பட்டியலுக்குள்ளேயே இருக்கும் எண். பணம் வேறொருவர் கணக்கில் சேரும், மொத்தமோ இடிக்காது. அவர் ஏற்கெனவே முழுப் பணமும் கட்டியிருந்தால், அப்போது காட்டிக்கொடுப்பது பாக்கி நெடுவரிசையில் தோன்றும் கழித்தல் குறிதான். பில் தொகையைவிட அதிகமாகக் கட்டியவர் யார் என்று ஒருமுறை வடிகட்டிப் பார்க்கும் பழக்கம் அதனால்தான் தேவைப்படுகிறது.

இவ்வளவுக்கும் சான்றிதழ் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அச்சுப் பரப்பை அமைப்பது, தலைப்பு வரிசையை உறையவைப்பது, எண் வடிவத்தைச் சீராக வைப்பது போன்றவற்றை யோசிக்காமல் செய்யும் வேகம் எனக்கு அந்தத் தயாரிப்பில்தான் வந்தது. 40 நிமிடத் தேர்வில் கடைசி ஐந்து நிமிடத்தைக் காப்பாற்றுவது அந்த வேகம்தான். விண்ணப்பங்களை முதலில் பிரிக்கும்போதும் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. அதற்குக் காலாவதி கிடையாது. ஆனால் அது மென்பொருளின் ஒரு குறிப்பிட்ட பதிப்பைச் சார்ந்தது என்பதை மறக்கக் கூடாது. புதிய பதிப்பில் XLOOKUP பழகியவர், எக்செல் 2019 இருக்கும் அலுவலகத்தில் தேர்வுக்கு உட்கார்ந்தால் அந்தச் செயல்பாடே அங்கு இருக்காது. தட்டச்சு செய்தால் #NAME? என்றுதான் வரும். INDEX, MATCH இரண்டையும் சேர்த்து எழுதத் தெரிந்தவருக்கு எந்தப் பதிப்பிலும் கை தடைபடாது.

இப்போது யாராவது தயாராகிக்கொண்டிருந்தால், அசோசியேட் தேர்வுக்குக் கட்டணம் கட்டும் முன் ஒரு வாரம் இந்த ஒரு கணக்கையே செய்து பார்க்கச் சொல்வேன். இரண்டு தாள்களை நீங்களே உருவாக்கி, ஒன்றில் எண்களை உரையாக மாற்றி, சில செல்களில் இடைவெளி சேர்த்து, சில ரசீதுகளை இரு தவணையாகப் பிரித்து, ஓர் எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்து வையுங்கள். இரண்டு நாள் கழித்து அந்தக் கோப்பைத் திறந்து, 40 நிமிடத்துக்குள் 5,200 போன்ற அந்த வித்தியாசத்தை ரசீது எண்ணோடு சுட்டிக்காட்ட முடிகிறதா என்று பாருங்கள்.