காதோரச் சிவப்புக் கோடு: ffmpeg, GIMP இரண்டோடும் இரண்டு வருடம்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தமிழ் வகுப்பு நடத்தும் ஒரு தங்கை போன வாரம் போன் செய்தாள். "அண்ணா, உங்க கோயில் சொற்பொழிவு வீடியோ தம்ப்நெயில்ல பேசுறவரை மட்டும் எப்படி வெட்டி எடுக்கிறீங்க? நான் செஞ்சா காகிதத்துல ஒட்டின பொம்மை மாதிரி இருக்கு." அரை மணி நேரம் பேசினேன். பாதி நேரம் பாராட்டு, மீதி நேரம் எரிச்சல். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பேச்சு நடக்கும். இரண்டு வருடமாக நான்தான் படம் பிடிக்கிறேன். ஃபுல் எச்டி, வினாடிக்கு 25 பிரேம். வீடியோவிலிருந்து படத்தைப் பிரிக்க ffmpeg, வெட்ட GIMP. இரண்டும் இலவசம். இரண்டைப் பற்றியும் எனக்குக் குறை எதுவும் இல்லை. என் சண்டையெல்லாம் ஒரு மெல்லிய சிவப்புக் கோட்டோடுதான்.

அதற்கு முன் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் வீடியோவை ஓடவிட்டு, நல்ல இடம் வந்தால் நிறுத்தி, திரையை அப்படியே படமெடுப்பேன். பாதி மூடிய கண், கோணிய வாய், கலங்கிய கை என்றுதான் கிடைக்கும். அப்புறம் ஒரு நாள், பேச்சாளர் ஒரு வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் இரண்டு வினாடியை மட்டும் முழுதாகப் பிரித்துப் பார்த்தேன்:

```
ffmpeg -ss 00:23:41 -i pechu.mp4 -t 2 padam_%03d.png
```

ஐம்பது படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மேடைத் தமிழில் நிறைய வாக்கியம் 'வேண்டும்', 'செய்தோம்', 'ஆகும்' என்று ம்-இல் முடிகிறது. வீட்டில் பேசும்போது அந்த ம் மூக்கோடு கரைந்துபோகும். மைக் முன்னால் நிற்பவர் அதை அழுத்திச் சொல்வார், உதடு மூடும். சொல்லி முடித்ததும் ஒரு கணம் சபையைப் பார்ப்பார். வாய் இயல்பாக மூடி, தலை அசையாமல், கண் நேராக இருக்கும் அந்த ஏழெட்டு பிரேமில்தான் நமக்கு வேண்டிய படம் இருக்கிறது. பலர் அதே இடத்தில் கண் சிமிட்டவும் செய்வார்கள். ஒரு சிமிட்டல் ஐந்தாறு பிரேமை விழுங்கிவிடும். அதனால்தான் ஒரே ஒரு படம் எடுக்காமல் இரண்டு வினாடி முழுக்க எடுக்கச் சொல்கிறேன். இப்போதெல்லாம் பேச்சைக் கேட்கும்போதே 'ம்' எங்கே விழுகிறது என்று காது தேடுகிறது, நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்கிறேன். இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். படம் png ஆகவே இருக்கட்டும். jpg ஆக்கினால் ஓரங்கள் இன்னொரு முறை கெடும்.

சரி, கோட்டுக்கு வருகிறேன்.

எங்கள் மேடைக்குப் பின்னால் ஒரு குங்குமச் சிவப்புத் திரை. போன மாதம் பேசியவர் எழுபதைத் தாண்டிய ஒரு தமிழாசிரியர் தாத்தா. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தும்பைப் பூப் போலத் தலைமுடி. அருமையான முகம் கிடைத்தது. GIMP-இல் Paths கருவியால் தோளையும் கையையும் நிதானமாகச் சுற்றி வந்து, லேயர் மாஸ்க் போட்டு, மஞ்சள் பின்னணியில் வைத்தேன். காது மடலைச் சுற்றியும் முடி ஓரத்திலும் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. காதைக் கிள்ளிவிட்டது போல இருந்தது. அவ்வளவு மரியாதையான மனிதரை அப்படிப் போட எனக்கு மனம் வரவில்லை.

நான் வெட்டியது சரியில்லை என்றுதான் வெகு நாள் நினைத்தேன். உள்ளே ஒரு பிக்சல் தள்ளி வெட்டினேன், இரண்டு பிக்சல் தள்ளி வெட்டினேன். கோடு போவதற்குள் முடி போய்விட்டது. உண்மையான காரணம் வீடியோவின் உள்ளே இருக்கிறது. 1920 × 1080 என்று சொன்னாலும் அந்த அளவு வெளிச்சத்துக்கு மட்டும்தான். நிறத்தை வழக்கமான வீடியோ 960 × 540 அளவில்தான் சேமிக்கிறது. அதாவது நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறம். இதைத்தான் 4:2:0 என்று குறிக்கிறார்கள். அந்த நான்கில் இரண்டு தாத்தாவின் முடியிலும் இரண்டு திரையிலும் விழுந்தால் நான்குக்கும் கலவை நிறம்தான். எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் முடிக்குள் இருக்கும் சிவப்பு நம்மோடுதான் வரும். ஒரே சொடுக்கில் பின்னணியை நீக்கும் கருவிகளுக்கும் இதே கதிதான். எது ஆள், எது திரை என்று கோடு போடுவதோடு பலவற்றின் வேலை முடிந்துவிடுகிறது, முடிக்குள் ஏறிய சாயம் அப்படியே இருக்கிறது.

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. கெட்டிருப்பது நிறம் மட்டும், வெளிச்சம் கூர்மையாகவே இருக்கிறது. அப்படியானால் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். GIMP-இல் Paintbrush எடுத்து, அதன் Mode-ஐ LCh Color என்று வைத்துக்கொள்ளுங்கள். Ctrl-ஐ அழுத்திக்கொண்டு முடியின் நடுவே தொட்டால் அந்தச் சாம்பல் வெள்ளை தூரிகைக்கு வந்துவிடும். ஓரத்தில் சின்னத் தூரிகையால் தடவுங்கள், மாஸ்க் மேல் இல்லாமல் படத்தின் மேலேயே. சிவப்பு போய்விடும், ஒவ்வொரு முடியிழையின் வெளிச்சமும் நிழலும் அப்படியே நிற்கும். காதுக்குக் கன்னத்து நிறம், சட்டைக்குச் சட்டை நிறம். கோடு கரையும்போது வருகிற நிம்மதி எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு ஓரத்தோடு இரண்டு மூன்று பிக்சலில் நின்றால் மேலே சொன்ன வைத்தியம் போதும். கன்னம் வரைக்கும் மெதுவாகப் பரவியிருந்தால் அது வேறு. திரையில் பட்ட விளக்கு வெளிச்சம் திரும்பி வந்து ஆள் மேல் விழுந்திருக்கிறது. தாத்தா படத்தில் இரண்டும் இருந்தன. அவர் திரையிலிருந்து இரண்டடியில் நின்றார். ஓரத்துக்கு இருபது நிமிடம் ஆனது. கன்னத்தைத் தொட்டால் முகத்தின் இயல்பான சிவப்பும் போய் ஆள் வெளிறிவிடுகிறார். கடைசியில் மஞ்சளைக் கைவிட்டு ஆழ்ந்த அரக்கு நிறப் பின்னணியில் வைத்தேன். மிச்சமிருந்த சிவப்பு அதில் கலந்து மறைந்தது. தங்கை பார்த்து வியந்த படம் அதுதான்.

அப்படியானால் இதையே செய் என்று அவளிடம் சொன்னேனா? இல்லை. வேண்டாம் என்றேன். ஒரு தம்ப்நெயிலுக்கு முக்கால் மணி நேரம் என்பது, பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு இரவு உட்காருகிற ஒருத்திக்கு நியாயமில்லை. பேச்சு தொடங்குமுன் பேச்சாளரைச் சுவரிலிருந்து ஆறடி முன்னால் நிறுத்தி, போனிலேயே ஒரு புகைப்படம் எடுத்துவிடு, முகமும் பெரிதாகக் கிடைக்கும் என்றேன். இரண்டு வருடமாக நான் பிடித்து வைத்திருக்கும் வேலையை நானே வேண்டாம் என்று சொன்னது அவளுக்கு ஆச்சரியம். "பின்ன நீங்க ஏன் இதை விடலை?" என்று கேட்டாள். போஸ் கொடுக்கிற முகத்தில் அந்த 'ம்' இருக்காதே என்றேன்.

மண்டபக் குழுவிடம் திரையை மாற்றச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டேன், பதில் இல்லை. வீட்டில் ஒரு சாம்பல் நிறப் போர்வை இருக்கிறது. வரும் ஞாயிறு முன்னதாகவே போய், ஏணி போட்டு நானே அதைக் கட்டப் போகிறேன்.