வலுத்த நாணயத்தை நலிந்ததோடு சேர்ப்பது: மூன்று அளவுகோல்கள், ஒரே நாளின் கணக்கு

டர்பன் பக்கம் நம்மவர்களில் நாணய வர்த்தகம் செய்கிறவர்கள் பலரும் ஏதாவது ஒரு வலிமை மீட்டரைத் திறந்து வைத்திருக்கிறார்கள். டாலர், யூரோ, பவுண்ட், யென், சுவிஸ் பிராங்க், ஆஸ்திரேலிய டாலர், நியூசிலாந்து டாலர், கனடிய டாலர் என்று எட்டு நாணயங்கள், அவற்றுக்குள் 28 ஜோடிகள். எது எல்லாரையும் அடிக்கிறதோ அதை வாங்கி, எது எல்லாரிடமும் அடி வாங்குகிறதோ அதை விற்பதுதான் யோசனை. யோசனையில் தப்பில்லை. வலிமையை எப்படி அளக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புழக்கத்தில் மூன்று வழிகள் உண்டு. ஒரு நாணயம் மற்ற ஏழோடும் எத்தனை சதவீதம் நகர்ந்தது என்று சராசரி எடுப்பது முதல் வழி. ஏழில் எத்தனை பேரை வென்றது என்று வெறுமனே எண்ணுவது இரண்டாவது. ஒவ்வொரு ஜோடியின் நகர்வையும் அதன் வழக்கமான ஒருநாள் வீச்சால் வகுத்துப் பார்ப்பது மூன்றாவது.

ஃபீனிக்ஸில் ஒரு அண்ணன் முதல் வழியைத்தான் சத்தியமாக நம்புகிறார். "தம்பி, 28 ஜோடியும் சேர்ந்து சொல்லுது. இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்பார். அந்த 28 பேரும் தனித்தனிச் சாட்சிகள் இல்லை என்பதை அவரிடம் விளக்க நான் ரொம்பவே முயன்றிருக்கிறேன். AUDUSD 0.66, USDJPY 150 என்றால் AUDJPY 99 ஆகத்தான் இருக்கும், இரண்டையும் பெருக்கினால் வந்துவிடும். அப்படி டாலரோடு சேர்ந்த ஏழு ஜோடிகள் தெரிந்தால் மற்ற 21-ம் தானாக வந்துவிடும். அதாவது உண்மையில் இருக்கும் தகவல் ஏழுதான்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. டாலருக்கு எதிராக ஆஸ்திரேலிய டாலர் 0.50% ஏறியது, நியூசிலாந்து 0.40, பவுண்ட் 0.30, கனடா 0.15, யூரோ 0.10, பிராங்க் 0.05. யென் மட்டும் 0.90% இறங்கியது. டாலர் தன்னோடு ஒப்பிட்டால் பூஜ்யம். எட்டின் சராசரி 0.075. ஒவ்வொரு நாணயத்தின் நகர்விலிருந்து இந்தச் சராசரியைக் கழித்து 8/7-ஆல் பெருக்கினால், 28 ஜோடிகளையும் உட்கார்ந்து கூட்டி வரும் அதே மதிப்பெண் வந்துவிடுகிறது. சிறிய நகர்வுகளில் வரும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆஸ்திரேலிய டாலருக்கு +0.49, யென்னுக்கு −1.11. இடைவெளி 1.60.

இப்போது AUDJPY சார்ட்டைப் பாருங்கள். அன்று அது ஏறியது சுமார் 1.40%. அதையே 8/7-ஆல் பெருக்கினால் 1.60. ஆக, முதல் வழியில் உச்சியையும் அடியையும் சேர்ப்பது என்றால், 28 ஜோடிகளில் ஏற்கெனவே அதிகம் ஓடிய ஜோடியை எடுப்பது என்று அர்த்தம். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஓடிய ஜோடி இன்னும் ஓடலாம், அது வேறு கேள்வி. ஆனால் மீட்டர் காட்டாத ஒன்று நமக்கு வேண்டும்: அந்த ஜோடி வழக்கமாக ஒரு நாளில் எவ்வளவு ஓடும்? அது 1% என்றால், நாம் நுழையும்போது அன்றைய ஓட்டம் முடிந்தேவிட்டது.

இரண்டாவது வழி அதே வரிசையைத்தான் தரும். ஆஸ்திரேலியா 7 வெற்றி, நியூசிலாந்து 6, யென் 0. அளவு மறைந்துவிடுவதால் இன்னும் மோசம். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் 0.01% வித்தியாசம் இருந்தாலும் ஒரு முழு வெற்றி வித்தியாசம் போலவே தெரியும். அதிகாலை இரண்டு மணிக்குத் திறந்து பார்த்தால் இந்த எண்ணிக்கை ரொம்பவே ஏமாற்றும். நியூயார்க்கில் மாலை 5 மணிக்கு நாள் முடிகிறது. நமக்கு அது இரவு 11 அல்லது 12, அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதைப் பொறுத்தது. அதன்பிறகு இரண்டு மூன்று மணி நேர நகர்வை வைத்து '7-0' என்று சொல்வதில் எந்த எடையும் இல்லை. லண்டன் திறந்து, நம் நேரத்துக்கு முற்பகல் பதினொன்று போலத்தான் அந்த வரிசை கொஞ்சம் நிலைக்கிறது.

மூன்றாவது வழிக்குத்தான் என் ஓட்டு. காரணம் நம் ராண்ட். இங்கே இருக்கிற நமக்கு ராண்டை மீட்டரில் சேர்க்காமல் இருக்க மனசு வராது. அதே நாளில் ராண்ட் டாலருக்கு எதிராக 1.50% இறங்கியது என்று ஒன்பதாவது நாணயமாகச் சேர்த்துப் பாருங்கள். சராசரி +0.075-லிருந்து −0.10 ஆகிறது. முதலில் −0.09 காட்டிய டாலர் இப்போது +0.11 காட்டும். டாலரில் ஒன்றுமே நடக்கவில்லை, நிறம் மட்டும் சிவப்பிலிருந்து பச்சையாகிவிட்டது. வரிசை மாறவில்லை, யென்னுக்குக் கீழே ராண்ட் வந்து உட்கார்ந்தது அவ்வளவுதான். மதிப்பெண்ணின் நிறத்தை நம்பாதீர்கள், வரிசையை மட்டும் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, ராண்டா யென்னா, எது நிஜமாகவே நலிந்தது? சதவீதத்தில் ராண்ட். ஆனால் ராண்ட் இயல்பிலேயே அதிகம் ஆடும் நாணயம், சாதாரண நாளிலும் பட்டியலின் ஏதாவது ஒரு முனையில்தான் நிற்கும். கடந்த 20 நாள்களில் USDZAR-ன் சராசரி வீச்சு 1.4% என்றும் USDJPY-யின் வீச்சு 0.6% என்றும் வைத்துக்கொண்டு வகுத்தால், ராண்ட் −1.07, யென் −1.5. ராண்டுக்கு அது வழக்கமான நாள், யென்னுக்குத்தான் வழக்கத்தை மீறிய நாள். மேலேயும் இப்படி ஒரு மாற்றம் தெரியும். பவுண்டின் வீச்சு 0.5, நியூசிலாந்தின் வீச்சு 0.7 என்றால், பவுண்ட் 0.6 எடுத்து 0.57 எடுத்த நியூசிலாந்தை முந்துகிறது. மூன்று வழிகளில் வரிசையை மாற்றிக் காட்டுவது இது ஒன்றுதான்.

ராண்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. உச்சியில் ஆஸ்திரேலியா, அடியில் ராண்ட் என்றால் எடுக்க வேண்டியது AUDZAR. பல புரோக்கர்களிடம் அது இருக்காது, இருந்தாலும் ஸ்ப்ரெட் அகலமாக இருக்கும். பெரும்பாலும் கிடைப்பது USDZAR, EURZAR, GBPZAR. மீட்டர் சொல்லும் ஜோடியை எடுக்கவே முடியாதபோது, ராண்டைத் தனிச் சார்ட்டில் பார்த்துக்கொண்டு எட்டு நாணயப் பட்டியலைத் தொடாமல் விடுவதே மேல். அதோடு ராண்டின் பெரிய நலிவுகள் மீட்டரில் கூடி வருவதில்லை. 2015 டிசம்பர் 9 இரவு நிதியமைச்சர் நெனே நீக்கப்பட்டதும் ராண்ட் சரிந்தது. எந்த வரிசையும் அதை முந்தைய நாள் சொல்லியிருக்காது.

வீச்சால் வகுப்பதும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. யென் மாதக்கணக்கில் அடியில் கிடந்த 2024-ல், ஜூலையில் AUDJPY 109-ஐத் தாண்டியது. ஜூலை 31-ல் ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25%-க்கு ஏற்றியது, ஆகஸ்ட் 5-ல் அந்த ஜோடி 90 அருகே வரை இறங்கியது. நீண்ட நாள் நலிந்தே கிடக்கும் நாணயத்தில் எல்லாரும் ஒரே பக்கம் கடன் வாங்கி நிற்பார்கள், திரும்பும்போது கூட்டம் முழுக்க ஒரே கதவை நோக்கி ஓடும். அதனால் ஒரு நாள் மதிப்பெண்ணோடு ஐந்து நாள், இருபது நாள் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். இருபது நாளிலும் யென் கடைசியாக நிற்கிறது, அந்த வாரம் ஜப்பான் வங்கியின் கூட்டமும் இருக்கிறது என்றால் அதை விற்கும் பக்கம் போவதில்லை.

மேலே சொன்ன நாளில் AUDJPY தன் 1% வீச்சைத் தாண்டிவிட்டது. அடியிலிருந்து இரண்டாவது டாலர். AUDUSD 0.50% நகர்ந்திருக்கிறது, அதன் வீச்சு 0.7%. மதிப்பெண் இடைவெளி சிறியதுதான், ஆனால் ஓட இடம் மீதி இருக்கிறது. அன்று நான் எடுப்பது AUDUSD. யென்னைத் தொட வேண்டும் என்றால், AUDJPY அன்றைய ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்காவது திரும்பி வந்து நிற்கும்வரை அடுத்த நாள் காத்திருப்பேன்.