ஃபேடு வெட்டி 14 மாதம்: எத்தனை நாளைக்கு ஒரு தடவை போகணும், என்ன செலவாகும்

போன வாரம் சகலை ஃபோனில் கேட்டார்: "என்ன சகல, அந்த ஃபேடுக்கு மாசம் எவ்வளவு ஆகுது? நானும் வெட்டலாம்னு பாக்குறேன்." பக்கவாட்டிலும் பிடரியிலும் அடியில் ஒட்ட வெட்டி, மேலே போகப் போக முடியை நீளமாக விடுவதுதான் ஃபேடு. அதே வாரம்தான் எங்கள் தெரு சலூனில் அந்தக் கட்டிங் 200 ரூபாயிலிருந்து 250 ஆனது. இரண்டும் சேர்ந்து வந்ததால் உட்கார்ந்து யுபிஐ கணக்கை எடுத்துப் பார்த்தேன். 14 மாதத்தில் 37 முழு கட்டிங், 7,400 ரூபாய். அதற்கு முன்னால் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை 120 ரூபாய்க்குச் சாதா கட்டிங் வெட்டிக்கொண்டிருந்தவன் நான்.

முதல் ஐந்து மாதம் ஸ்கின் ஃபேடு வைத்திருந்தேன். நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்திலிருந்தே ஏறும் மிட் ஃபேடு, அடியில் ஷேவர் போட்டுத் தோல் தெரிகிற மாதிரி. வெட்டிய அன்று அந்தத் தலையைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். நான்காம் நாள் காலையில் அந்தச் சந்தோஷம் இருக்காது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும். அப்படியென்றால் மூன்று நாளில் ஒரு மில்லிமீட்டர். மேலே நாலு விரல் நீள முடியில் அந்த ஒரு மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாது. ஆனால் அடியில் ஒன்றுமே இல்லாத தோலில் அது கறுப்பாகப் படரும். ஷேவ் செய்த தாடி மறுநாள் நிழல் தட்டுமே, அதே மாதிரி. தோலிலிருந்து முடிக்குக் கோடு தெரியாமல் ஏறும் அந்த மாற்றம்தான் ஸ்கின் ஃபேடின் அழகே. முதலில் போவதும் அதுதான்.

வெட்டுகிற தம்பியிடம் இதைச் சொன்னேன். "அண்ணே, ஜீரோவுல ஆரம்பிச்சா நாலு நாள்தான் நிக்கும். அரை நம்பர்ல ஆரம்பிச்சு, லோவா எடுப்போம். பாக்க அவ்வளவு ஷார்ப்பா இருக்காது, ஆனா பழசாகுறது தெரியாது" என்றார். மிஷினில் மாட்டும் அரை நம்பர் கார்டு என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விடும். ஒன்றாம் நம்பர் மூன்று மில்லிமீட்டர், இரண்டாம் நம்பர் ஆறு. அடியிலேயே கொஞ்சம் முடி இருப்பதால், நாலு நாளில் அது மூன்று மில்லிமீட்டர் ஆனாலும் கண்ணுக்கு உறுத்துவதில்லை. அதோடு லோ ஃபேடு காதைச் சுற்றியும் பிடரியிலும் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் இருக்கும். கலைந்தாலும் கலைவது அந்த இரண்டு விரல்தான். மிட் ஃபேடில் பக்கவாட்டு முழுக்கக் கலையும்.

மாற்றுவதற்கு முன்னும் பின்னுமாக ஒரு மாதம் தினமும் காலையில் அதே பாத்ரூம் விளக்கில், அதே பக்கத்தில் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தேன். என் முடி தடிமனானது, குத்திட்டு நிற்கும். அந்த முடிக்கு எனக்குக் கிடைத்த கணக்கு இது: ஸ்கின் ஃபேடில் நான் திருப்தியாக வெளியே போன நாட்கள் ஐந்து. அரை நம்பர் லோ ஃபேடில் பத்து. பதினோராம் நாள் காதுக்கு மேல் முடி பொங்கி வெளியே நீட்டத் தொடங்கும். பிறகு சீப்பால் படியவைக்க முடியாது.

இந்த ஐந்தும் பத்தும்தான் செலவையே மாற்றிவிடுகின்றன. ஒரு தடவைக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நல்ல நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இப்போதைய 250 ரூபாய் விலையில் ஸ்கின் ஃபேடின் ஒரு நல்ல நாள் 50 ரூபாய், லோ ஃபேடின் ஒரு நல்ல நாள் 25. பத்து நாளைக்கு ஒரு தடவை ஸ்கின் ஃபேடு வெட்டினால் மாதம் 750 ரூபாய் கொடுத்துப் பதினைந்து நாள்தான் நன்றாக இருப்போம். பதினான்கு நாளைக்கு ஒரு தடவை லோ ஃபேடு என்றால் மாதம் ஏறக்குறைய 535 ரூபாய், இருபத்தொரு நாள் நன்றாக இருக்கலாம். குறைந்த காசுக்குக் கூட நாள். இது தெரியாமல் ஐந்து மாதம் ஓட்டியிருக்கிறேன்.

ஸ்கின் ஃபேடில் இன்னொரு தொல்லையும் இருந்தது. எட்டு நாளைக்கு ஒரு தடவை பிடரியில் தோலோடு ஷேவர் ஓட்டியதில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. சட்டைக் காலர் பட்டால் எரியும், திருச்சி வெயிலில் வியர்வை பட்டால் இன்னும் எரியும். வெட்டிய முனை கூர்மையாக இருந்து, வளரும்போது திரும்பத் தோலுக்குள்ளேயே குத்துவதால் வருவது அது. அரை நம்பருக்கு மாறி ஒன்றரை மாதத்தில் தானாகப் போய்விட்டது. உங்களுக்கும் பிடரியில் அப்படி இருந்தால் கிரீம் தேடுவதற்கு முன்னால் ஷேவரை நிறுத்திப் பாருங்கள்.

சரி, நடுவில் ஒரு வழி இருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் நாள் போய் "சைடு மட்டும் கிளீன் பண்ணுங்க" என்று சொல்வது. காதைச் சுற்றியும் பிடரிக் கோட்டையும் எடுத்துவிட்டு, அடிப்பட்டையை மறுபடி அரை நம்பருக்கு இறக்கி, அதன் மேல் விளிம்பை மட்டும் கரைத்துவிடுவார். பத்து நிமிட வேலை. இதைச் செய்தால் முழு கட்டிங்கை இருபத்தொரு நாள் வரை தள்ளலாம். ஆனால் இரண்டு முழு கட்டிங்குக்கு நடுவே ஒரு தடவைதான் செல்லும். நான் ஒருமுறை இரண்டு தடவை இப்படியே ஓட்டிப் பார்த்தேன். அடி புதிதாக இருக்கிறது, ஆனால் அதற்கு மேலே மண்டை வளையும் இடத்தில் முடி வளர்ந்து கனத்து, தலை காளான் மாதிரி அகன்று தெரிந்தது. அந்தக் கனத்தை எடுக்கச் சீப்பும் கத்தரியும் வைத்து மேலிருந்து வர வேண்டும். அது முழு கட்டிங்தான்.

என் கோபம் இங்கேதான். இந்த சைடு கிளீன் வாடிக்கைக்காரர்களுக்கு இதுவரை இலவசம். இப்போது 100 ரூபாய். போர்டு எதுவும் வைக்கவில்லை, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து துண்டை உதறும்போது சொன்னார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக வருகிறவனுக்கு அது உறைக்கத்தான் செய்யும். கணக்குப்படி இனி இருபத்தொரு நாளைக்கு 250, நடுவில் 100. வருடத்துக்கு 17 சுற்று, 5,950 ரூபாய். பதினான்கு நாளைக்கு ஒரு தடவை முழுதாக வெட்டினால் வருடத்துக்கு 26 தடவை, 6,500. வித்தியாசம் 550 ரூபாய்தான். அதற்காகக் கூட எட்டுத் தடவை சலூனில் போய் உட்கார வேண்டும். இலவசமாக இருந்தவரைக்கும்தான் அந்த வழியில் லாபம்.

அதே நேரம் அவர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். என் தலைக்கு ஒழுங்காகச் செய்தால் நாற்பது நிமிடம் ஆகிறது. முதலில் கார்டு இல்லாமல் மிஷின் லீவரைத் திறந்து அடிக்கோடு போடுகிறார். பிறகு ஒன்றாம் நம்பரை ஒரு விரல் அகலம் மேலே, அதற்கு மேல் இரண்டாம் நம்பர். நடுவில் விழும் ஒவ்வொரு கோட்டையும் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடித் திறந்து கரைக்கிறார். கடைசியில் மிஷினின் மூலையை மட்டும் வைத்து, காதுக்குப் பின்னால் உள்ள குழியில் மிச்சம் நிற்கிற கறுப்பை ஒவ்வொரு புள்ளியாக எடுக்கிறார். அந்த நாற்பது நிமிடத்தில் மூன்று சாதா கட்டிங் முடித்து 360 ரூபாய் பார்த்திருப்பார். அப்படிப் பார்த்தால் 250 ரூபாய் என்னிடம் வாங்குவது அவருக்கு நஷ்டம்தான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதே 250 ரூபாய்க்கு இருபது நிமிடத்தில் எழுப்பி அனுப்புகிறார்கள். அங்கேதான் மறுபடி மனசு கசக்கிறது. அவசர வேலை கடையில் தெரியாது. தலை ஈரமாக இருக்கும், பவுடர் போட்டிருக்கும், அந்த விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து குளித்து, தலை காய்ந்ததும் வெயிலில் நின்று யாரையாவது காதுக்குப் பின்னால் படம் எடுக்கச் சொல்லுங்கள். படி வைத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் கரைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி விட்ட ஃபேடு எனக்கு ஆறு நாள்கூடத் தாங்கியதில்லை. எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை சலூன் விடுமுறை என்பதால் நான் இப்போது புதன்கிழமை காலையில்தான் போகிறேன். கூட்டம் இருக்காது, வெட்டுகிறவர் கையும் ஓய்ந்திருக்காது. அந்த நாற்பது நிமிடம் முழுசாகக் கிடைக்கும்.

வீட்டிலேயே டிரிம்மர் வாங்கினால் மிச்சமாகாதா என்று கேட்பவர்களுக்கு: 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். பிடரிக்கோட்டை மட்டும் நானே எடுக்கலாம் என்று நினைத்தேன். பின்னால் கண்ணாடி வைத்துப் பார்த்து ஒருபக்கம் எடுத்தால் அடுத்த பக்கம் கொஞ்சம் மேலே போகிறது. அதைச் சரிசெய்ய இதை ஏற்ற, இப்படி ஒவ்வொரு தடவையும் கோடு அரை விரல் மேலே ஏறியது. மூன்றாம் தடவை சலூன் போனபோது தம்பி பிடரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, லோ எடுக்க இடமே இல்லையே" என்றார். அன்று மிட் ஃபேடுதான் போட முடிந்தது. பிடரி வளர்ந்து பழைய கோட்டுக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த டிரிம்மரைக் காதுக்கு முன்னால் கிருதா முனைக்கும், பிடரிக்கோட்டுக்குக் கீழே கழுத்தில் முளைக்கும் பூனை முடிக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். கோட்டைத் தொடுவதில்லை. அந்த அளவுக்கு அது நன்றாக உதவுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று நாள் கூட்டித் தருகிறது.

சகலைக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அவருக்கு மெல்லிசு முடி, படிந்து கிடக்கும். வேலை தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மாறி மாறி. ஒரே ஆளிடம் பதினான்கு நாளைக்கு ஒரு தடவை உட்கார அவரால் முடியாது, ஆள் மாறினால் ஃபேடு மாறும். அதனால் இப்படி எழுதி அனுப்பினேன்: "ஃபேடு வேண்டாம் சகல. கிருதாவுலயும் பிடரியிலயும் மட்டும் மெதுவா குறைச்சு டேப்பர் போடச் சொல்லுங்க. நாலு வாரம் நிக்கும், வருஷத்துக்கு 13 தடவை போதும். 250 வாங்கினாக்கூட 3,250 ரூபாய்தான்."

எனக்கு அந்தக் கணக்கு சரி என்று தெரியும். சொல்லாமல் விலை ஏற்றிய வருத்தமும் இன்னும் போகவில்லை. ஆனால் அந்தத் தம்பி மிஷின் மூலையை வைத்துக் காதுக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக எடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தை விட எனக்கு மனசில்லை. வருகிற புதன்கிழமை எட்டரை மணிக்கு இடம் சொல்லி வைத்துவிட்டேன். சைடு கிளீன் கேட்கப்போவதில்லை, முழு கட்டிங்தான்.