பார்த்தும் காணவில்லை: அரபு மொழியில் பார்த்தல், சொல்லுதல், போதல்

“நேற்று மாலை கடற்கரைக்குப் பிறை பார்க்கப் போனோம், வெகுநேரம் பார்த்தும் எங்களுக்குத் தெரியவில்லை, பிறகு ஒருவர் தாம் பார்த்ததாகச் சொன்னார்.” இந்தத் தமிழ்க் கூற்றை அரபு பயிலும் ஒருவரிடம் மொழிபெயர்க்கத் தந்தால், அவருடைய அரபு அறிவின் ஆழத்தை ஓரளவு அளந்துவிடலாம். போதல், பார்த்தல், சொல்லுதல் என்னும் மூன்று எளிய வினைகளே இதில் இருக்கின்றன. ஆனால் அரபு மொழியில் ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து சொற்கள் போட்டியிடுகின்றன. அகராதியோ பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பொருளைத் தந்துவிட்டு நின்றுவிடுகிறது. எங்கே எதை வைப்பது என்பதை இந்த ஒரே வாக்கியத்தைக் கொண்டு அலசுவோம். அரபு இலக்கண வழக்கப்படி, வினைகளை ‘அவன் செய்தான்’ என்னும் இறந்தகால வடிவிலேயே தருகிறேன்.

பார்த்தலிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனெனில் நுட்பம் மிகுந்த இடம் அதுதான். ‘நளர’, ‘ரஆ’ என்னும் இரண்டையும் பயிலுநர்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் புழங்குகிறார்கள். ‘நளர’ என்பது கண்ணை ஒரு பொருளின் பக்கம் திருப்புவது. ‘ரஆ’ என்பது அந்தப் பொருள் கண்ணுக்குப் புலப்படுவது. முன்னது முயற்சி, பின்னது விளைவு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு: இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து ஒன்றை மட்டும் மறுத்துப் பார்ப்பது. ‘நளர்து இலல் ஹிலாலி ஃபலம் அரஹு’, அதாவது ‘பிறையை நோக்கினேன், ஆயினும் அதைக் காணவில்லை’ என்று சொன்னால் அரபு காதுக்கு அதில் எந்த முரணும் இல்லை. அதே இடத்தில் இரண்டு வினைகளும் ‘ரஆ’வாக இருந்தால், பொருளே தன்னைத்தான் மறுத்துக்கொள்ளும். நோக்குதலும் காணுதலும் தமிழிலும் இப்படியே பிரிந்திருந்தன என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. அன்றாடப் பேச்சில் ‘பார்’ என்னும் ஒரே சொல் இரண்டையும் விழுங்கிவிட்டதால்தான் தமிழ் மாணவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள்.

குர்ஆனின் 7ஆம் அத்தியாயத்தில் இந்த வேறுபாடு இரண்டு இடங்களில் தெளிவாக நிற்கிறது. 143ஆம் வசனத்தில் மூஸா நபி, ‘என் இறைவா, உன்னை எனக்குக் காட்டு, நான் உன்னை நோக்குவேன்’ என்று வேண்டும்போது ‘அன்ளுர்’ என்ற சொல் வருகிறது. விடையோ ‘லன் தரானீ’, நீ என்னைக் காணமாட்டாய், என்று ‘ரஆ’வின் வடிவில் வருகிறது. கேட்டது நோக்குவதற்கு, மறுக்கப்பட்டது காண்பது. உடனே அதே விடையில், மலையைப் பார் என்னும் ஏவல் மீண்டும் ‘நளர’வுக்குத் திரும்புகிறது, ஏனெனில் நோக்குவதற்குத் தடை ஏதும் இல்லை. 198ஆம் வசனம் இன்னும் நெருக்கமானது: ‘வதராஹும் யன்ளுரூன இலைக வஹும் லா யுப்ஸிரூன்’. ஒரே தொடரில் மூன்று வினைகள். ‘அவர்கள் உம்மை நோக்குவதாக நீர் காண்கிறீர், ஆனால் அவர்களுக்குப் பார்வை இல்லை’ என்பது பொருள். இது சிலைகளைப் பற்றியது என்றும், மறுத்தவர்களைப் பற்றியது என்றும் விரிவுரையாளர்கள் இரு வகையாகக் கொண்டனர். எப்படிக் கொண்டாலும் மூன்று வினைகளையும் தமிழில் ‘பார்’ என்ற ஒன்றால் பெயர்த்தால் வசனம் புரியாத புதிராகிவிடும்.

அந்த மூன்றாவது வினை ‘அப்ஸர’. பார்வையாகிய ‘பஸர்’ என்னும் புலனே இதன் வேர். கண் திறனோடு செயற்பட்டு, கண்டது உள்ளத்தில் தெளிவாகப் பதிவதை இது சொல்லும். ஆகவே அறிவுக்கண் திறப்பதற்கும் இதே வேரிலிருந்து சொற்கள் பிறக்கின்றன. அன்றாடச் செய்தியில் ‘அப்ஸர’வை வைத்தால் நடை உயர்ந்து, சற்றுக் காவியத் தொனி ஏறிவிடும். ஒரு கதையில் இருளுக்குப் பின் கரையைக் கண்ட மாலுமிக்கு அது பொருந்தும். கடையில் நண்பரைப் பார்த்ததற்குப் பொருந்தாது.

‘ஷாஹத’ வேறு திசையில் செல்கிறது. உடனிருந்து, தொடக்கம் முதல் இறுதிவரை கவனித்துப் பார்ப்பது அது. தொலைக்காட்சி நேயருக்கு அரபு மொழியில் ‘முஷாஹித்’ என்பதே பெயர். என்னிடம் பயின்ற ஒருவர், ‘நேற்றுக் கால்பந்தாட்டம் பார்த்தேன்’ என்பதை ‘நளர’ கொண்டு எழுதிவந்தார். இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் ஆட்டத்தின் பக்கம் ஒரு முறை கண்ணைத் திருப்பினார் என்ற அளவில்தான் அது நின்றது. ‘ரஆ’ என்றிருந்தால் ஆட்டம் கண்ணில் பட்டது என்றாகியிருக்கும். ‘ஷாஹத்துல் முபாராத’ என்றால்தான் தொண்ணூறு நிமிடமும் உட்கார்ந்திருந்தது விளங்கும்.

சொல்லை மட்டுமன்றி, அதன் பின்னால் வரும் இடைச்சொல்லையும் சேர்த்தே பயில வேண்டும். ‘நளர’வுக்குப் பின் ‘இலா’ வந்தால் நோக்குதல். ‘ஃபீ’ வந்தால் ஒரு விவகாரத்தை ஆராய்தல், நீதிபதி வழக்கை எடுத்துப் பார்ப்பது போல. ‘ரஆ’வுக்கு இடைச்சொல்லே தேவையில்லை, செயப்படுபொருள் நேரே சேரும். அது இரண்டு செயப்படுபொருள்களை ஏற்றால் கருதுதல் என்றாகிவிடும். காண்பது ‘ருஃயா(த்)’, கனவு ‘ருஃயா’, கருத்து ‘ரஃய்’ என்று தொழிற்பெயரிலேயே மூன்றும் பிரிந்துவிடுவதால், ஐயம் வரும்போது தொழிற்பெயரை நினைத்துக்கொள்வது உதவும். பிறை காண்பதைக் குறிக்கும் சொல் ‘ருஃயத்துல் ஹிலால்’ என்று ‘ரஆ’விலிருந்து அமைந்ததும் தற்செயல் அன்று. ‘அதைக் கண்டு நோன்பு வையுங்கள், அதைக் கண்டு நோன்பை விடுங்கள்’ என்னும் நபிமொழியும் அதே சொல்லையே ஆள்கிறது. வானத்தை நோக்கியதால் மட்டும் மாதம் பிறந்துவிடாது. நம் ஊர்களில் ‘பிறை பார்த்தல்’ என்று சொல்வது இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

சொல்லுதலில் முதலில் பிரிக்க வேண்டியவை ‘கால’வும் ‘தகல்லம’வும். இங்கே தமிழே துணைக்கு வரும், ஏனெனில் நாம் அரபு ‘பேசுகிறோம்’, அரபு ‘சொல்வதில்லை’. ‘தகல்லம’ பேச்சு என்னும் செயலைக் குறிக்கும். குழந்தை பேசத் தொடங்கியது என்பதற்கும், ஒருவர் அரபு பேசுவதற்கும் அதுவே. ‘கால’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்துக்கொண்டிருப்பார், ஏனெனில் என்ன சொன்னார் என்பது வந்தால்தான் அந்த வினை நிறைவடையும். ‘தஹத்தஸ’ இரண்டுக்கும் நடுவே நிற்பது: ஒரு பொருளைப் பற்றி விரிவாகப் பேசுவது. ‘ஹதீஸ்’ என்னும் சொல்லின் வேரும் இதுவே.

பிறைச் செய்திக்கு இவற்றைவிட நுட்பமான தேர்வு ஒன்று காத்திருக்கிறது. ‘அக்பர’ என்பது அறியாதவருக்குச் செய்தி தெரிவிப்பது. கேட்டவர் அதன் நேரடிச் செயப்படுபொருளாக நிற்பார். ‘கால’வுக்கோ கேட்டவரைச் சேர்க்க ‘லி’ என்னும் இடைச்சொல் வேண்டும். ‘கால’வுக்குப் பின் ‘இன்ன’ என்றும், ‘அக்பர’வுக்குப் பின் ‘அன்ன’ என்றும் வருவதைக் கவனிக்காமல் விடுவது, நன்றாகப் பயின்றவர்களிடமும் நான் அடிக்கடி காணும் பிழை. ‘ஸஅம’ என்று எழுதினால் அவர் அப்படிக் கூறிக்கொள்கிறார், நாம் பொறுப்பேற்கவில்லை என்றாகிவிடும். இன்றைய செய்தி நடையில் இது கிட்டத்தட்டக் குற்றச்சாட்டு. 8ஆம் நூற்றாண்டு இலக்கணியான சீபவைஹி தம் ஆசிரியர் கலீலின் கருத்தையே ‘ஸஅமல் கலீல்’ என்று ஐயத்தின் சாயலின்றி எடுத்தாள்வதால், பழைய நூல்களைப் படிக்கும்போது இந்தச் சந்தேகத் தொனியை எல்லா இடத்திலும் ஏற்றிவிடக்கூடாது. ‘ஷஹித’ என்றால் நிலையே மாறிவிடும்: காழியின் முன் நின்று சாட்சியம் அளித்தார் என்று பொருள். முன்னே பார்த்த ‘ஷாஹத’வும் இதே வேர்தான், அங்கே நெட்டுயிர் கண்ணால் உடனிருந்ததைக் காட்டியது, இங்கே குற்றுயிர் கண்டதை வாயால் உறுதிசெய்வதைக் காட்டுகிறது.

போதலில் இவ்வளவு இழை பிரிக்க வேண்டியதில்லை. ‘தஹப’ பொதுச்சொல், இருந்த இடத்தை விட்டு நீங்குவதே அதன் கரு. நோன்பு திறந்தபின் ஓதும் துஆ ‘தஹபள் ளமஉ’, தாகம் போயிற்று, என்று தொடங்குவதை நினைவுகூர்ந்தால் அந்தக் கரு விளங்கும். ‘மஷா’ காலால் நடப்பது, ‘ஸார’ வழிநெடுகச் செல்வது, ‘மளா’ கடந்துபோவது. இறந்தகாலத்துக்கு இலக்கணத்தில் ‘மாளீ’ என்று பெயர் வந்ததும் இந்தக் கடைசிச் சொல்லிலிருந்தே. இலக்கைவிட வீட்டை விட்டு வெளியேறியது முக்கியம் என்றால் ‘கரஜ’ பொருந்தும்.

எச்சரிக்கை தேவைப்படுவது ‘ராஹ’வுக்குத்தான். வளைகுடா நாடுகளில் வேலைசெய்து திரும்பியவர்கள் போவதற்கு அறிந்த சொல் இது ஒன்றே, ஏனெனில் அங்கே பேச்சில் ‘தஹப’ பெரும்பாலும் ஒலிப்பதில்லை. பழைய அரபு மொழியிலோ ‘ராஹ’ பிற்பகலில், மாலையில் போவது அல்லது திரும்புவது. அதன் இணை காலையில் புறப்படும் ‘ஃகதா’. பறவைகள் காலையில் ஒட்டிய வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் என்னும் நபிமொழியில் இந்த இணையைக் காணலாம். இன்றைய எழுத்து நடையில் ‘ராஹ’வுக்குப் பின் நிகழ்கால வினை வந்தால், ‘போனான்’ என்ற பொருளே மறைந்து, அச்செயலைச் செய்யத் தொடங்கினான் என்றாகிவிடும்: ‘ராஹ யப்கீ’ என்றால் அழப் போனான் அன்று, அழலானான்.

இனித் தொடக்கத்து வாக்கியத்தை எழுதலாம். ‘கரஜ்னா மஸாஅன் இலஷ் ஷாதிஇ, வநளர்னா இலல் உஃபுகி ஃபலம் நரல் ஹிலால, ஸும்ம அக்பரனா ரஜுலுன் அன்னஹு ரஆஹு.’ மாலையில் கடற்கரைக்குப் புறப்பட்டோம், அடிவானை நோக்கினோம், பிறையைக் காணவில்லை, பிறகு ஒருவர் தாம் கண்டதாகத் தெரிவித்தார். இறுதிப் பகுதியில் ‘அக்பரனா’வை எடுத்துவிட்டு ‘ஸஅம’வை வைத்தால் ஊர் அவரை நம்பவில்லை என்று வாசகர் கொள்வார், ‘ஷஹித’ என்று எழுதிக் காழியின் பெயரைச் சேர்த்தால் மறுநாள் நோன்பு என்ற முடிவை நோக்கி நகர்வார். இதையே வளைகுடாப் பேச்சில் ஒருவர் ‘ருஹ்னா ந்ஷூஃபல் ஹிலால், மா ஷிஃப்னாஹ்’ என்று முடித்துவிடுவார். அங்கே ‘ஷாஃப்’ என்னும் ஒரே வினை, நம் ‘பார்’ போலவே, நோக்கியதையும் காணாததையும் சேர்த்துச் சுமக்கிறது.